எடுத்து வைத்த முட்டை

எழுதும்போதுதான் அது கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கத்துவது 'கச்சிராப்பாளையம்' என்றுதான். நானும் அந்த 'ய'வை விழுங்கிவிட்டு டிக்கெட் வாங்கினேன்.

தை மாதக் கடைசி. ஊரை நெருங்க நெருங்க ரோடு முழுக்கக் கரும்பு வண்டிகள். டிராக்டருக்குப் பின்னால் டிப்பர், டிப்பருக்கு மேல் வீடு உயரத்துக்குக் கரும்பு, அதன் தோகை பஸ் ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவை நடக்கிற மாதங்களில் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். கொதிக்கும் கரும்புச்சாறும் புளித்த சக்கையும் கலந்த வாசனை. முதல் அரைமணி நேரம் இனிப்பாக இருக்கும், அப்புறம் தலை வலிக்கும். இங்கேயே இருக்கிற என் அக்காவைக் கேட்டால் "என்ன வாசனை?" என்பாள்.

அக்கா வீட்டுக்காரர் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். அவர்களுடைய ஒரே மகன் சீனாவில் மருத்துவம் படித்தான். 2020 ஜனவரியில் செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு பையோடு வந்தவன், கொரோனாவால் இரண்டரை வருஷத்துக்கு மேல் திரும்பிப் போக முடியாமல், மாடியில் செல்போன் சிக்னல் கிடைக்கிற மூலையில் உட்கார்ந்து பாதிப் படிப்பை முடித்தான். இந்திய மாணவர்களுக்கு 2022 ஆகஸ்டில்தான் சீனா மறுபடியும் விசா கொடுக்க ஆரம்பித்தது. போய் முடித்துவிட்டு வந்து, இப்போது வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் எழுத வேண்டிய தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நான் போனது கல்வராயன் மலைக்கு அவனோடு ஒரு நாள் ஏறி வரலாம் என்று. நடுவில் ஒரு தக்காளி முட்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் ராத்திரியே ஆரம்பித்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை, சாயங்காலமே படுத்துவிட்டாள். சோறு வடித்து வைத்திருந்தாள், குழம்பு இல்லை. கூடையில் தக்காளி, அலமாரியில் முட்டை. நான் தனியாக இருந்து பழகியவன். முட்டைத் தொக்கு செய்துவிடலாம் என்று வாணலியை ஏற்றி, வெங்காயம் போட்டு, தக்காளியை வதக்கி, மேலே நாலு முட்டையை உடைத்து ஊற்றப் போனேன். மருமகன் கையைப் பிடித்தான்.

"மாமா, முட்டைய முதல்ல பண்ணிட்டு எடுத்து வச்சிடணும். தக்காளி வெந்ததுக்கு அப்புறம் திரும்பப் போடணும்."

"எடுத்து வச்சா ஆறிப் போயிடாதா?"

"ஆறத்தான் எடுத்து வைக்கிறதே."

நான் கேட்கவில்லை. ஊற்றிவிட்டேன். என்ன ஆனது என்பது தமிழ்நாட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். முட்டை தக்காளிச்சாறில் கரைந்து, அப்புறம் மணல் மணலாகத் திரண்டு, ஆரஞ்சு நிறத்தில் உப்புமா மாதிரி வந்தது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுச் சுருள வதக்கினால் அதுவே நல்ல தொக்கு. சப்பாத்திக்கு அதைவிட நல்ல துணை கிடையாது என்பேன். ஆனால் அவன் சொன்னது வேறு பண்டம். மறுநாள் செய்து காட்டுகிறேன் என்றான்.

அவன் படித்த ஊர்க் காண்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எது மாடு, எது பன்றி என்று தெரியாத புதுப் பையன்கள் விரல் நீட்டியது இந்த ஒரு பாத்திரத்தைத்தான். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், பேச்சே தேவையில்லை. பிற்பாடு பெயரும் கற்றுக்கொண்டார்கள். வடக்கே அது 'சீஹோங்ஷி சாவ் ஜீதான்', தெற்கே 'ஃபான்ச்சியே சாவ் தான்'. இரண்டுக்கும் அர்த்தம் தக்காளியோடு வதக்கிய முட்டைதான். இதில் எனக்குப் பிடித்தது தக்காளிக்கு அவர்கள் வைத்த பெயர்கள். 'ஃபான்ச்சியே' என்றால் அயல்நாட்டுக் கத்திரிக்காய். 'சீஹோங்ஷி'யில் மேற்கு என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் அதையேதான் செய்தோம். தக்காளி என்ற சொல் முதலில் நம் ஊரில் விளைந்த சின்னப் பழத்துக்கு உரியது. மணத்தக்காளியில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பெரிய பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்றோம். பிறகு சீமை உதிர்ந்து, வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான். சீனாவுக்கும் தக்காளி மிங் அரசர்கள் காலத்தின் கடைசியில் வந்தாலும், சமையலறைக்குள் வீடுவீடாக நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அப்படிப் பார்த்தால் இது பழைய பண்டமே இல்லை. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் சமையல் இதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன அணி சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி வந்ததும், அந்த ஊர்க்காரர்களே அதற்குத் தக்காளி முட்டை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

2017 நவம்பரில் சைனா மெர்ச்சன்ட்ஸ் வங்கி ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பையன், நண்பர்களுக்குத் தக்காளி முட்டை செய்து கொடுக்க ஆசைப்பட்டு அம்மாவிடம் செல்போனில் வழி கேட்கிறான். சீனாவில் அப்போது விடியாத நேரம். அம்மாவும் அப்பாவும் எழுந்து அடுப்பு பற்றவைத்து, செய்து காட்டி, படம் பிடித்து அனுப்புகிறார்கள். மருமகன் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்குத் தொண்டை லேசாகக் கம்மியது. எனக்கு அதில் பிடித்தது பையன் முழிக்கிற இடம். முதலில் போடுவது முட்டையா, தக்காளியா?

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனோம். தரையில் சாக்கு விரித்து இரண்டு குவியல். ஒன்று பெங்களூர் தக்காளி: நீண்டு, தோல் தடித்து, அமுக்கினால் அசையாது. இன்னொன்று நாட்டுத் தக்காளி: தட்டையாக, காம்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக, தொட்டால் உடையும். லாரியில் போவதற்கு முதலாவது, ரசத்துக்கு இரண்டாவது. மருமகன் நாட்டுத் தக்காளியில் கை வைத்தான். இந்தப் பண்டத்துக்குச் சோற்றில் பிசையச் சாறு வேண்டும், அந்தச் சாறு பெங்களூர் தக்காளியில் வராது. ஆனால் நாட்டுத் தக்காளியின் புளிப்பு கூட. அதற்குத்தான் சர்க்கரை. அதை வீட்டில் சொன்னபோதுதான் கலவரம்.

"முட்டையில சக்கரையா?" என்றாள் ஆயா. அக்காவின் மாமியார். எண்பது தாண்டியவர். சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், அது நீதிமன்றம்.

"ஆலை நம்ம ஊர்ல ஓடுது, ஒரு ஸ்பூன் போட்டா என்ன ஆயா?"

"ஆலை ஓடுனா? ஆத்துல தண்ணி ஓடுதுன்னு குழம்புல ஊத்துவியா?"

சீனாவிலும் சர்க்கரை போடலாமா கூடாதா என்று சண்டை ஓயவில்லையாம். போடுகிறவர்கள் இனிப்புக்காகப் போடவில்லை. புளிப்பின் முனையை மழுக்குவதற்குப் போடுகிறார்கள். அளவு சரியாக இருந்தால், சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியக் கூடாது, தக்காளி நன்றாகப் பழுத்தது என்றுதான் தோன்ற வேண்டும். பெங்களூர் தக்காளிக்கு அரை டீஸ்பூன் போதும், நாட்டுத் தக்காளிக்கு ஒன்றரை வரை போகலாம். நான் புத்திசாலித்தனமாக நாட்டுச் சர்க்கரை போட்டால் என்ன என்று கேட்டு, அடுத்த வேளைக்கு அப்படியே செய்தும் பார்த்தேன். சிவப்பு மங்கி, செங்கல் நிறமாகி, வாயில் வைத்தால் விருந்தில் பரிமாறும் தக்காளி இனிப்புப் பச்சடியின் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சர்க்கரைக்கு வாசனை கிடையாது. இந்த இடத்தில் அதுதான் அதன் குணம்.

இனி அவன் செய்ததைச் சொல்கிறேன். மூன்று பேருக்கு நாலு முட்டை, நானூறு கிராம் தக்காளி. முட்டையில் கால் டீஸ்பூன் உப்பும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்து, வெள்ளைக்கரு நூல் நூலாகத் தெரியாத வரைக்கும் முள்கரண்டியால் அடித்தான். நுரை பொங்க அடிக்கவில்லை. அடித்ததைப் பத்து நிமிஷம் வைத்துவிட்டு தக்காளியைப் பார்க்கப் போனான். உப்பு ஊறினால் முட்டை வெந்தபின் இறுகாமல் மெத்தென்று இருக்கும். நிறமும் கொஞ்சம் அடர்ந்து ஆரஞ்சுக்குப் போகும், அது தப்பில்லை. தக்காளியின் அடியில் கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறி, கொதிநீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தான். தோல் நாலு மூலையிலும் சுருண்டு, பையன்கள் சட்டை கழற்றுவது போல வந்துவிட்டது. அவசரமென்றால் தோலோடு போடலாம். ஆனால் வெந்த தோல் தனியே சுருண்டு பல்லிடுக்கில் மாட்டும். பிறகு, பெரும்பங்கைப் பெரிய துண்டாகவும் கொஞ்சத்தைப் பொடியாகவும் நறுக்கினான். பொடி கரைந்து சாறாகும், பெரியது துண்டாக நிற்கும்.

வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கடலெண்ணெய். எனக்கு அது அதிகமாகப் பட்டது. குறைத்தால் முட்டை உப்பாது, ஒட்டும் என்றான். எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்ததும் முள்கரண்டியிலிருந்து ஒரு சொட்டு முட்டையை விட்டுப் பார்த்தான். அது உடனே பூத்து மேலே வந்தது. பிறகு மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றினான்.

அந்த அரை நிமிஷத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி கொப்பளித்து எழும்புகிறது, நடுவில் மஞ்சள் குளம். அவன் கை உடனே போகவில்லை. மூன்று எண்ணினான். பிறகு கரண்டியால் ஓரத்தை நடுவை நோக்கித் தள்ளினான், குளம் காலியான இடத்துக்கு ஓடி வந்து மறுபடி உப்பியது. இப்படி நாலு தடவை. கிண்டவில்லை, கொத்தவில்லை, ஒதுக்கினான், அவ்வளவுதான். துணி மடிப்பு போலப் பெரிய பெரிய மடிப்புகளாக முட்டை நின்றது. மேலே இன்னும் ஈரம் பளபளத்தது, வேகாத முட்டை அங்கங்கே வழிந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் தட்டில் சரித்துவிட்டான்.

தட்டில் அது சும்மா இருக்கவில்லை. உள்ளிருந்த சூடே மிச்சத்தை வேகவைத்தது. ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தபோது வழிந்துகொண்டிருந்தது நின்றுபோயிருந்தது.

ஆயா எட்டிப் பார்த்தாள். "வேகவே இல்லியே."

"மிச்சம் தக்காளியில வேகும் ஆயா."

அதே வாணலியில் இன்னொரு கரண்டி எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு பொடியாக, பூண்டு ஒரு பல். தக்காளி, அரை டீஸ்பூன் உப்பு. நல்ல தீயில் இரண்டு நிமிஷம், கரண்டியின் முதுகால் பொடித் துண்டுகளை நசுக்கிக்கொண்டு. உப்பு தண்ணீரை இழுத்துவிட, வாணலி நிறையச் சாறு. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். அதைச் சுண்டவிடாமல் முட்டையைப் போட்டால் தட்டில் ஒரு பக்கம் சிவப்புத் தண்ணீர் தேங்கும், அது சாறு இல்லை, ரசம். எப்போது சரி என்று கேட்டேன். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தான். கோடு உடனே மூடிக்கொண்டது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி இழுத்தான். கோடு கொஞ்ச நேரம் நின்று, சோம்பலாக மூடியது. எண்ணெய் ஓரத்தில் சிவப்பு வளையமாகப் பிரிந்தது. சர்க்கரையைத் தூவினான். முட்டையைத் திரும்பப் போட்டு, மூன்று தடவை புரட்டி, வெங்காயத்தாளின் பச்சையைத் தூவி, அரை நிமிஷத்துக்குள் இறக்கினான்.

சோற்றில் போட்டுப் பிசைந்தேன். முதலில் தக்காளி, அப்புறம் வெண்ணெய் போலக் கரையும் முட்டை, எங்கோ அடியில் கடலெண்ணெய். காரம் இல்லை, மஞ்சள் இல்லை, கறிவேப்பிலை இல்லை. கையில் கறிவேப்பிலையை உருவிக்கொண்டு வந்து நின்ற அக்காவை அவன் விரட்டியது எனக்கு அப்போதுதான் நியாயமாகப் பட்டது.

ஏன் எடுத்து வைக்க வேண்டும் என்று அவன் டாக்டர் பாஷையில் சொன்னான். நான் என் பாஷையில் எழுதுகிறேன். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுக ஆரம்பிக்கும், மஞ்சள்கரு 65லிருந்து 70க்குள். அதற்கு மேலே ஏற ஏற அது தன்னிடம் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தக்காளி உடைந்து சாறாக வேண்டுமென்றால் சில நிமிஷமாவது 100 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஒரே வாணலியில் இரண்டையும் சேர்த்து வைத்தால் யாராவது ஒருவர் நஷ்டப்பட வேண்டும். தக்காளிக்குப் பார்த்தால் முட்டை ரப்பராகும், முட்டைக்குப் பார்த்தால் தக்காளி பச்சையாக நிற்கும். இன்னொரு சங்கதி புளிப்பு. புளிப்பு பட்டால் முட்டை சீக்கிரம் திரளும், எலுமிச்சை விழுந்த பால் போல. நேற்று ராத்திரி என் வாணலியில் நடந்தது அதுதான். வேகாத முட்டை புளிப்புச் சாறில் கலந்து மணல் மணலாகத் திரிந்தது. முன்பே எண்ணெயில் பூத்து வெளிப்பக்கம் மூடிக்கொண்ட முட்டைக்குள் அரை நிமிஷத்தில் புளிப்பு புக முடியாது.

ஆயாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. தட்டை வழித்துவிட்டு, "மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயத் தனியா வதக்கிக் கடைசில போடற மாதிரிதான?" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அதேதான். வெண்டைக்காயைக் குழம்பிலேயே வேகவிட்டால் கொழகொழக்கும். பொங்கலுக்கு முந்திரியை நெய்யில் வறுத்து எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கொட்டுகிறோம். நம் அடுப்படியில் எடுத்து வைப்பது உண்டு. முட்டைக்கு மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வர, அக்கா பன்னிரண்டு முட்டையை ஒரேயடியாக ஊற்றச் சொன்னாள். அதுவும் நடந்தது. வீட்டு அடுப்பு அவ்வளவு முட்டைக்குச் சூடு தராது. எண்ணெய் சட்டென்று ஆறி, முட்டை உப்பாமல் அடியில் ஒட்டி, இட்லி போல ஒரு கட்டியாக வந்தது. ஒரு ஈடுக்கு ஐந்து, ஆறு முட்டைக்கு மேல் கூடாது. ஆள் அதிகமென்றால் முட்டையை இரண்டு ஈடாகச் செய்து ஒரே தட்டில் சேர்த்து, தக்காளியை மட்டும் மொத்தமாகச் செய்யலாம். மிச்சத்தைக் காலையில் சூடு பண்ணினால் முட்டை அழுது தண்ணீர் விடும். பையனுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்க இது உதவாது. அப்புறம், ஆயாவைப் போன்ற வயசானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் முட்டை முழுக்க வெந்துதான் ஆக வேண்டும். டாக்டர் அவள் பங்கைத் தனியாக எடுத்து, தக்காளியில் இன்னும் இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டே கொடுத்தான்.

அடுத்த நாள் மலைக்குக் கிளம்பினோம். பைக். பையில் தக்காளி, வெங்காயத்தாள், ஒரு பொட்டலம் சர்க்கரை. முட்டை வேண்டாம், மேலே இருக்கும் என்றான். வெள்ளிமலைப் பக்கத்தில் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் வீடு.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கோமுகி அணை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஆற்றை மறித்துக் கட்டியது, முழு உயரம் 46 அடி. கீழே நாங்கள் பார்த்த கரும்பில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரில் நிற்பது. கரையில் பத்து நிமிஷம் நின்றோம். காற்று இல்லை, தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அப்புறம் ரோடு ஏற ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மருமகன் பேச்சை நிறுத்திவிடுவான், நேர்ப்பாதையில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். பெரியார் நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே இருக்கிறது. தை மாதத்தில் அது பாறையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி அளவுக்குத்தான் இருந்தது. மேலே போகப் போகக் கரும்பு காணாமல் போய், சரிவெல்லாம் மரவள்ளி. காற்று குளிர்ந்தது. ஆலை வாசனை எந்த வளைவில் விட்டுப் போனது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

நண்பன் வீட்டில் இல்லை, கீழே கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தான். அவன் அக்காதான் இருந்தார். மலையாளி பழங்குடிக் குடும்பம். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. மலையை ஆள்பவர் மலையாளி, பேச்சு சுத்தத் தமிழ். அடுப்பில் சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது. நாங்கள் சமைக்க வந்திருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டு, ஒரு மண்பானையைக் கொண்டுவந்து கையை உள்ளே விட்டார். பானை நிறையக் கேழ்வரகு. அதற்குள் புதைத்து வைத்திருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நாட்டுக்கோழி முட்டை. எட்டு இருந்தது, ஆறு எடுத்தார். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை நாலுக்கு இது ஐந்தாவது வேண்டும், அளவு சின்னது. மஞ்சள்கருவின் பங்கு பெரியது. அதனால் தண்ணீர் இன்னொரு கரண்டி சேர்க்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் இறுகிவிடும்.

கேஸ் அடுப்பில் படித்த பாடம் விறகடுப்பில் உதவவில்லை. இருந்தது இரும்பு வாணலி. முட்டை வரைக்கும் அருமையாகப் போனது. இரும்பு பிடித்து வைக்கும் சூட்டுக்கு முட்டை அடுப்பங்கரையே பார்க்கும்படி உப்பியது. ஆனால் எடுத்து வைத்த பின் தீ குறையவில்லை. தக்காளி விழுந்ததும் ஓரம் கருகியது. மருமகன் தண்ணீர் தெளித்தான், சாறு நீர்த்துப்போனது. சுண்டவைக்க நேரம் பிடித்தது, அந்த நேரத்துக்குள் புளிப்பு இரும்பில் வேலை செய்துவிட்டது. நிறம் கருத்து, நாக்கில் ஒரு ஆணி ருசி. நான் சாப்பிட்டுவிடலாம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் மீதித் தக்காளியை ஒரு மண்சட்டியில் போட்டார். அடுப்பிலிருந்து இரண்டு கொள்ளியை உருவி மண்ணில் குத்தினார். ஒன்று மட்டும் உள்ளே இருந்தது. மண்சட்டி மெதுவாகத்தான் சூடேறும், முட்டைக்கு அது ஆகவே ஆகாது. தக்காளிக்கு ஆகும். இரண்டு வேலைக்கும் ஒரே வாணலி என்று சீனாவில் கற்றுக்கொண்டு வந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கருத்துப்போன தக்காளியை நாங்கள் கொட்டினோம். தட்டில் எடுத்து வைத்த முட்டை ஆறிப்போய் அப்படியே இருந்தது, தக்காளியோடு அது கெட்டுப்போகவில்லை. சர்க்கரையை நீட்டினோம். விரல் நுனியில் தொட்டுப் பார்த்து, கால் பொட்டலத்தைப் போட்டுவிட்டார். கொஞ்சம் அதிகம்தான்.

சாமைச் சோறு அரிசி மாதிரி சாறை ஓரமாக நிற்கவிடாது, உடனே குடித்துவிடும். அதனால் இன்னும் கொஞ்சம் சாறு இருந்திருக்கலாம். அந்த வீட்டுப் பையன், ஆறு வயசிருக்கும், முட்டையை ஒதுக்கிவிட்டுச் சாறு படிந்த சோற்றை மட்டும் தின்றான். பிறகு ஒதுக்கிய முட்டையைக் கடைசியாகத் தின்றான்.

கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மருமகன் பைக்கைத் திருப்பி நிறுத்தி, சர்க்கரைப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்று தெரியாமல் நின்றான். உள்ளே அந்த அக்கா மிச்சமிருந்த இரண்டு முட்டையைக் கேழ்வரகுப் பானைக்குள் விட்டு, மேலே ஒரு கை தானியத்தைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

"தம்பி நாளைக்கு வந்துருவான். அவனுக்குப் பண்ணிக் குடுக்கணும். முட்டை எடுக்கறப்ப மேல தண்ணியா இருந்தா பரவாயில்லதான?"

"பரவாயில்லக்கா," என்றான் மருமகன்.